ஜெயநகர் நகைக்கடை: பில், சேதாரம், பழைய நகை மாற்று

«அண்ணா, உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஜெயநகரில் நகை எடுத்தீர்களே, அந்தக் கடையை நம்பிப் போகலாமா? எங்கள் வீட்டிலும் தை மாதம் கல்யாணம். மாமியாரின் பழைய நகையைப் போட்டுப் புது ஆரம் எடுக்கணும். பில், சேதாரம், எக்ஸ்சேஞ்ச், அங்கே இருப்பவர்கள் பேசும் விதம் எல்லாம் எப்படி?»

போகலாம். தங்கத்தின் தரத்தில் அந்தக் கடையில் குறை இல்லை. ஆனால் அவர்கள் முதலில் சொல்லும் தொகைக்கும் கடைசியில் நாங்கள் கொடுத்த தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. பழைய நகையிலும் அப்படித்தான். எந்த இடத்தில் அந்த வித்தியாசம் வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் உங்களுக்குப் பணம் மிஞ்சும். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். வங்கியின் நகைக்கடன் பிரிவுக்கு நகை மதிப்பீடு செய்வது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கத்தின் விலை தினமும் மாறுகிறது. அதனால் கணக்கு எளிதாக இருக்க 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போகும் நாளின் போர்டு ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், விகிதம் மாறாது.

நாங்கள் எடுத்தது கெம்புக் கல் வைத்த ஆரம். மொத்த எடை 42 கிராம். அதில் கற்கள் 2 கிராம். ஆக, தங்கம் 40 கிராம், நம் கணக்கில் ஐந்து சவரன். விற்பனைப் பெண் கால்குலேட்டரில் தட்டி, "நாலு தொண்ணூத்தாறு வருது சார்" என்று ஒரே தொகையாகச் சொன்னார். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் சேர்த்துத்தான் சார், வி.ஏ. பதினெட்டு" என்றார். வி.ஏ. என்பது செய்கூலியும் சேதாரமும் சேர்ந்த சதவீதம். பெங்களூரில் பல கடைகளில் இப்போது இரண்டையும் தனித்தனியாகப் போடுவதில்லை, இந்த ஒற்றை வரிதான்.

எஸ்டிமேட்டை அச்சடித்துத் தரச் சொன்னேன். "சிஸ்டத்தில் இருக்கு சார், பில் போடும்போது வரும்" என்று முதலில் தட்டிக் கழித்தார்கள். பில் போடாமல் எடுக்க மாட்டோம், எஸ்டிமேட் பார்க்காமல் பில் போட வேண்டாம் என்று நிதானமாகச் சொன்ன பிறகு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தங்கத்தின் விலையை 40 கிராமுக்குச் சரியாகப் போட்டிருந்தார்கள், 4,00,000 ரூபாய். ஆனால் 18 சதவீத வி.ஏ.வை 42 கிராமுக்குப் போட்டிருந்தார்கள், 75,600 ரூபாய். அதாவது கல்லின் எடைக்கும் சேதாரம். தங்கத்துக்கு மட்டும் என்றால் 72,000தான் வரும். கல் விலை 6,000 தனியாக இருந்தது. எல்லாம் சேர்ந்து 4,81,600. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 14,448. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான 18 சதவீத வரியும் சேர்த்து 53 ரூபாய். மொத்தம் 4,96,101.

கல்லுக்குத் தனியாக விலை வாங்கிவிட்டு அதே கல்லின் எடைக்கு 18 சதவீதமும் வாங்குவது நியாயமில்லை. "நிகர எடைக்குத்தானே சேதாரம் போடணும்?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை, மேலாளரைக் கூப்பிட்டார். அவர் வந்து சீட்டைப் பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார். கேட்டால் திருத்துகிறார்கள், கேட்காவிட்டால் அப்படியே போகும். இந்தக் கடையைப் பற்றி என் முக்கியமான குறை இதுதான். கல் வைத்த நகை எடுக்கும் எல்லோரும் எடையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது அந்த 18 சதவீதம். வாசலிலேயே "செய்கூலியில் 25 சதவீதம் தள்ளுபடி" என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். பதினெட்டில் கால் பங்கு போனால் பதிமூன்றரை. பக்கத்துத் தெருவில் எந்தப் பலகையும் வைக்காத இன்னொரு கடையில் இதே வகை ஆரத்துக்கு எடுத்த எடுப்பிலேயே பதிமூன்று சொன்னார்கள். அதைச் சொல்லி மேலாளரிடம் பேசியதும் இங்கேயும் பதிமூன்றுக்கு வந்தார். அதனால் தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காதீர்கள். தள்ளுபடி போக நிகர எடைக்கு எத்தனை சதவீதம் நிற்கிறது என்பதை மட்டும் இரண்டு கடைகளில் கேட்டு ஒப்பிடுங்கள்.

தட்டாரிடம் கொடுத்துக் கையால் செய்த காலத்தில் அரம் போடும்போதும் மெருகு ஏற்றும்போதும் தங்கப் பொடி உதிரும், அதற்காகச் சேதாரம் என்று வாங்கினார்கள். இப்போது பட்டறைகளில் அந்தப் பொடியைப் பெரும்பாலும் திரும்பச் சேகரித்துவிடுகிறார்கள். ஆகவே வி.ஏ. என்பது வேலைப்பாட்டுக்கும் கடையின் லாபத்துக்கும் அவர்களாக வைக்கும் விலை. அதற்குச் சட்டப்படி உச்சவரம்பு கிடையாது, பேரம் பேச இடம் உண்டு. இதே கடையில் கல் இல்லாத சாதா வளையலுக்கு எட்டு சதவீதம் சொன்னார்கள். சாமி உருவம் வைத்த நகாசு வேலைக்கு இருபத்திரண்டுக்கு மேல்.

திருத்திய பில் இப்படி வந்தது. தங்கம் 4,00,000. வி.ஏ. 13 சதவீதம் 52,000. கல் 6,000. ஜி.எஸ்.டி. 13,740. ஹால்மார்க்குடன் மொத்தம் 4,71,793. முதலில் சொன்ன தொகைக்கும் இதற்கும் 24,308 ரூபாய் வித்தியாசம். நகை அதேதான்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. செய்த நகையைக் கடை விற்கும்போது தங்கம், கூலி எல்லாம் சேர்ந்த விலைக்கு 3 சதவீதம்தான். கூலிக்கு மட்டும் 5 சதவீதம் என்று யாராவது போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கத்தையே கொடுத்து நகை செய்யச் சொல்லும்போது கூலிக்கு வருவதுதான் அந்த 5. இந்தக் கடையில் அந்தக் குழப்பம் இல்லை, சரியாகவே போட்டிருந்தார்கள்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக இருந்தன. ஹால்மார்க் நகைக்கான பில்லில் நிகர எடையும் தூய்மையும் ஹால்மார்க் கட்டணமும் தனியாகக் காட்டப்பட வேண்டும் என்பது விதி. நிகர எடை மட்டும் பில்லில் தெளிவாக இருந்துவிட்டால், பின்னாளில் இதே நகையை மாற்றப் போகும்போது கல்லுக்கு எவ்வளவு கழிப்பது என்ற தகராறே வராது. துண்டுச் சீட்டில் அது இருந்தால் போதாது, ஜி.எஸ்.டி. பில்லில் இருக்க வேண்டும்.

தரத்தைப் பார்ப்பது சுலபம். நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பி.ஐ.எஸ். முத்திரை, 22K916, அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பூதக்கண்ணாடி கேளுங்கள், இந்தக் கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் என்ன நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தது என்று காட்டும். கையில் இருப்பது ஆரம், திரையில் மோதிரம் என்று வந்தால் வாங்காதீர்கள். எங்களுக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் ஹால்மார்க் தூய்மையைத்தான் சொல்லும். கல் எவ்வளவு, கூலி நியாயமா என்பதெல்லாம் அதில் வராது.

இனி உங்களுக்கு அதிகம் தேவைப்படும் பகுதி, பழைய நகை.

தங்கை கொண்டுவந்தது அம்மா போட்டிருந்த இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும். சேர்த்து 24 கிராம், மூன்று சவரன். ஹால்மார்க் வருவதற்கு முந்தைய காலத்து நகை. கடையில் கேரட் மீட்டர் என்கிற எக்ஸ்ரே இயந்திரத்தில் வளையலை வைத்து 86 சதவீதம் என்றார்கள். அப்புறம், "உருக்கினால் குறையும் சார், ரெண்டு பர்சென்ட் கழிச்சுக்கறோம்" என்றார்கள். 24 கிராமில் 2 சதவீதம் போனால் 23.52. அதில் 86 சதவீதம் சுத்தத் தங்கம் என்றால் 20.227 கிராம். 22 கேரட் என்றால் 91.6 சதவீதம் சுத்தத் தங்கம், அதற்கு மாற்ற 0.916 ஆல் வகுத்தால் 22.082 கிராம். போர்டு ரேட்டில் 2,20,821 ரூபாய்.

இந்தக் கணக்கின் முறையில் தவறில்லை, அதில் போட்ட எண்களில்தான் சந்தேகம். கேரட் மீட்டர் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பற்றவைத்த இடத்தில் தங்கம் குறைவாக இருக்கும், அந்த இடத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும். மெருகு ஏற்றிய இடத்தில் வைத்தால் கூட்டிக் காட்டும். எங்கள் வளையலை அவர்கள் வைத்தது வாய்ப்பூட்டுக்குப் பக்கத்தில். அங்கே பற்று அதிகம். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன், 89.5 வந்தது. ஒரே வளையலில் இரண்டு எண்! இரண்டையும் நம்ப முடியாது. உருக்கி ஒன்றாகக் கலந்த பிறகு வரும் எண்தான் உண்மையான எண். உருக்காமலே 2 சதவீதம் கழிப்பதும் அப்படித்தான். கல்லோ அரக்கோ இல்லாத கெட்டி வளையலில் பெரும்பாலும் அவ்வளவு போகாது. அழுக்கு ஏறிய சங்கிலியில் கொஞ்சம் கூடப் போகலாம்.

அதனால் உருக்கச் சொன்னோம். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களை மேலாளரிடம் வாயால் உறுதி செய்துகொண்டேன். முதலாவது, உருக்கிய பின் வரும் தங்கத்துக்குப் போர்டு ரேட்டே தருவீர்களா, அல்லது வாங்கும் ரேட் என்று வேறு ஒன்று வைத்திருக்கிறீர்களா? போர்டு ரேட்டே என்றார். இரண்டாவது, எண் எங்களுக்குப் பிடிக்காவிட்டால் கட்டியைத் திருப்பித் தருவீர்களா? தருவோம், கட்டணம் இல்லை என்றார். மூன்றாவது, எங்கள் கண் முன்னால் உருக்க வேண்டும். இதற்குத்தான் தயங்கினார்கள். உள்ளே இடமில்லை, சூடு, குழந்தைகள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். நானும் தங்கையும் மட்டும் வருகிறோம் என்றதும் சரி என்றார்கள்.

உருக்கும் அறையில் இருந்தவர் வயதானவர், நம் ஊர்க்காரர். கடையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். நகைகளை எடைபோட்டு எண்ணை எங்களைப் படிக்கச் சொன்னார். காலி மூசையை, அதாவது உருக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். உருக்கி ஊற்றிக் குளிர்ந்ததும், "பாத்துக்கங்கம்மா" என்று கிண்ணத்தில் ஒட்டியிருந்த சிறு மணியையும் கம்பியால் சுரண்டிக் கட்டியோடு சேர்த்தார். அந்தச் சுரண்டலைத்தான் கவனிக்க வேண்டும். கிண்ணத்தில் மிச்சம் விடுவது சில இடங்களில் வழக்கம், அது வாடிக்கையாளர் கணக்கில்தான் போகும்.

கட்டி 23.76 கிராம் நின்றது. போனது கால் கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, ஒரு சதவீதம். கட்டியின் இரண்டு பக்கமும் கேரட் மீட்டரில் வைத்தோம், 88 என்று காட்டியது. சுத்தத் தங்கம் 20.909 கிராம், 22 கேரட்டில் 22.826 கிராம். 2,28,262 ரூபாய். உருக்காமல் ஒப்புக்கொண்டிருந்தால் 7,441 ரூபாய் போயிருக்கும்.

உங்கள் மாமியாரின் நகையில் கல் இருந்தால் உருக்கும் முன் கல்லைக் கழற்றி எடைபோடச் சொல்லி, கல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அரக்கு வைத்த பழைய நகையில் எடை நன்றாகவே குறையும், அதைக் கடையின் தவறாக எண்ண வேண்டாம். அப்புறம், உருக்கிவிட்டால் நகை போனது போனதுதான். வீட்டில் யாருக்காவது மனசு வராது என்றால் அந்த நகையை எடுத்துப் போகாதீர்கள். ஆறு இலக்க எண் உள்ள ஹால்மார்க் நகை இருந்தால் அதை உருக்கச் சம்மதிக்க வேண்டாம். முத்திரையும் எண்ணும் தூய்மையைச் சொல்லிவிடுகின்றன, நிகர எடைக்கே கேளுங்கள்.

பழைய நகைக்குப் பணம் கழித்தாலும் ஜி.எஸ்.டி. புது ஆரத்தின் முழு விலைக்குத்தான் வரும், மிச்சத் தொகைக்கு அல்ல. பலர் இதைக் கடையின் ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். கடை செய்வது சரிதான். நாங்கள் கட்ட வேண்டிய மிச்சம் 2,43,531 ரூபாய், வங்கி வழியாகவே கட்டினோம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதியில்லை. பில் 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், அட்டையைக் கொண்டுபோங்கள். பில் இல்லாமல் எடுத்தால் வரி மிச்சம் என்ற பேச்சை இந்தக் கடையில் யாரும் எடுக்கவில்லை. அதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

புது நகையைத் திருப்பிக் கொடுப்பது பற்றி விற்பனைப் பெண் சொன்னது, "நூறு சதவீதம் எக்ஸ்சேஞ்ச் சார்". பில்லின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருள் புரியும். அந்த நூறு சதவீதம் நிகரத் தங்கத்துக்கு மட்டும், அன்றைய ரேட்டில். வி.ஏ., கல் விலை, ஜி.எஸ்.டி. திரும்ப வராது. ரேட் மாறாமல் இருந்தால் 4,71,793 கொடுத்து எடுத்த ஆரத்துக்கு 4,00,000 கிடைக்கும். வேறு நகை எடுக்காமல் பணமாக வேண்டும் என்றால் இன்னும் 3 சதவீதம் கழித்து 3,88,000. மாற்றி எடுக்கும் புது நகைக்கு மறுபடி வி.ஏ. உண்டு. இதை மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, அச்சில் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லும்போது "நூறு" என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மாடல் பிடிக்காமல் போக வாய்ப்பிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போய் எடுங்கள். ஏழு நாளுக்குள் போடாத நகையைக் கொண்டுவந்தால் வி.ஏ. இழப்பின்றி வேறு மாடல் தருவதாகச் சொன்னார்கள். அது பில்லில் அச்சாகவில்லை. மேலாளரிடம் கையால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், அவரும் மறுக்கவில்லை.

பேசும் விதம்: மரியாதைக்குக் குறைவில்லை. தமிழிலேயே பேசினார்கள், உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். ஆனால் நச்சரிப்பு உண்டு. ஆரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதச் சீட்டில் சேரச் சொல்லி இன்னொருவர் வந்தார், வேண்டாம் என்ற பிறகும் போன் நம்பர் கேட்டார். தங்கை ஒரு மெல்லிய ஆரத்தை விரும்பிக் கையில் எடுத்தபோது, "கல்யாணத்துக்கு இது எடுபடாது மேடம்" என்று கனமானதைக் கொண்டுவந்து வைத்தார்கள். தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை, மேலாளரிடமும் சொன்னேன். கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பதில்லை என்பது மட்டும் இந்த ஊழியர்களிடம் உள்ள நல்ல குணம். மேலாளர் வரும்வரை எந்தச் சதவீதமும் இறுதியானது இல்லை. அதனால் விற்பனைப் பெண்ணிடம் நீண்ட நேரம் பேரம் பேசி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கல்யாண சீசனில் சனி, ஞாயிறு போனால் உருக்கும் அறைக்குள் விட மாட்டார்கள், வரிசை நிற்கும். வார நாளில் கடை திறந்ததும் போங்கள். முதலில் பழைய நகையை உருக்கி எண்ணை எழுதி வாங்கிவிட்டு, அதற்கப்புறம் மேலே போய் ஆரம் பாருங்கள். ஆரம் மனதுக்குப் பிடித்துவிட்ட பிறகு பழைய நகைக்குக் கணக்குப் பேசினால், இரண்டையும் கலந்து "மொத்தத்தில் பாத்துக்கலாம் மேடம்" என்று ஒரே தொகையாக முடித்துவிடுவார்கள். எங்கே எவ்வளவு குறைத்தார்கள் என்று அப்புறம் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

பில்லில் எழுதிய தூய்மைக்கும் நகைக்கும் பின்னால் சந்தேகம் வந்தால், பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையத்தில் கட்டணம் கட்டி நீங்களே சோதிக்கலாம். தூய்மை குறைவு என்று உறுதியானால், குறைந்த தூய்மைக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகளில் இருக்கிறது. அதற்கும் கையில் பில் இருக்க வேண்டும். பில் மை வெயிலில் மங்கிவிடும், வீட்டுக்கு வந்ததும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பில் போடும் முன் பார்த்துச் சொல்கிறேன்.